ஆய்வு முடிந்தும் நெட் மீட்டர் பொருத்தாதது பற்றிய புகார்

திருநெல்வேலி மாவட்டம்
21.04.2025

பெறுநர்
உதவி மின் பொறியாளர்,
மின்வாரியப் பிரிவு அலுவலகம்

ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டிருக்கிறோம். மார்ச் 3 அன்று உங்கள் அலுவலர்கள் வந்து பார்த்து, எர்த்திங், இன்வெர்ட்டர் எல்லாம் சரி என்று கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "மீட்டர் ஸ்டாக் இல்லை" என்ற ஒரே பதில்தான். வந்த அலுவலர்கள் மேல் குறையில்லை, பொறுமையாகவே பார்த்தார்கள்.

நெட் மீட்டர் இல்லாமல் சோலாரை ஓட்டக் கூடாது என்பதால் அணைத்தே வைத்திருக்கிறோம். நம்மூர்ச் சித்திரை வெயில் முழுக்க வீணாகிறது. ஆனி பிறந்தால் சாரல், மேகமூட்டம், உற்பத்தி குறைந்துவிடும். கரண்ட் பில்லையும் பேனலுக்கு வாங்கிய வங்கிக் கடனின் தவணையையும் சேர்த்துக் கட்டுகிறேன். மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியமும் மீட்டர் பொருத்திய பிறகுதான் கிடைக்கும்.

மீட்டர் பொருத்தும் தேதியை எழுத்தில் தாருங்கள். ஸ்டாக் வரத் தாமதமாகும் என்றால், நானே வாங்கிப் பரிசோதனைக்குத் தர அனுமதி உண்டா என்று சொல்லுங்கள், உடனே வாங்கித் தருகிறேன். ஒரு வாரத்துக்குள் பதில் இல்லையென்றால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனு கொடுப்பேன்.

இணைப்பு: ஆய்வு அறிக்கை நகல், கட்டண ரசீது.

இப்படிக்கு,
சு. இசக்கியப்பன்