அம்பாரம்: நாவல் சுருக்கம்

நாவல்: அம்பாரம். சுமார் 72,000 சொற்கள், 31 அத்தியாயங்கள். முழுமையாக எழுதி முடித்தது.
களம்: தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரியை ஒட்டிய உப்பளங்கள். காலம்: 1992 முதல் 2024 வரை.

1992 நவம்பர். தாமிரபரணியில் பெருவெள்ளம். உப்பளத்தின் கரை தண்ணீரை மறித்து நிற்க, பள்ளத்தில் இருக்கும் தொழிலாளர் குடியிருப்புக்குள் வெள்ளம் ஏறுகிறது. விடிந்து பார்த்தால் கரை வெட்டப்பட்டுக் கிடக்கிறது. குடியிருப்பு தப்பிவிட்டது. ஆனால் மேட்டில் குவித்திருந்த உப்பு அம்பாரம் முழுவதும் கரைந்து ஓடைக்குப் போய்விட்டது. அன்று இரவுக் காவல் முத்தையா. பக்கத்து அளத்துக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு கரையை வெட்டினான் என்று ஊர் பேசுகிறது. அவர் மறுக்கவில்லை. அன்றிரவே ஊரைவிட்டுப் போகிறார்.

கரையை வெட்டியவள் அவருடைய மனைவி செல்லக்கனி. நான்கு வயது மகள் ஜெயந்தி தூங்கிக்கொண்டிருந்த குடிசைக்குள் தண்ணீர் வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். இதை வாசகருக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறேன். மகளுக்குத் தெரிய 31 ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடைவெளிதான் நாவல்.

அளத்துக்காரர் தவசிமணி, நஷ்டத்தைக் கூலியில் கழிக்கச் சொல்லிச் செல்லக்கனியைக் குடியிருப்பில் இருக்கவிடுகிறார். உண்மையைச் சொன்னால் குடிசையும் போகும், வேலையும் போகும். அவள் பாத்தி மிதிக்கிறாள், உப்பு வாருகிறாள், பிளந்த பாதத்தோடு மழைக்கால மாதங்களில் கடன் வாங்கிச் சாப்பிடுகிறாள். ஜெயந்தி தகப்பனை வெறுத்தே வளர்கிறாள். அந்த வெறுப்பில்தான் படிக்கிறாள் என்பதைத் தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனாலேயே வாயைத் திறக்கவில்லை. முதலில் பயத்தில் தொடங்கிய மௌனம் இப்படித்தான் சுயநலமாக மாறுகிறது.

பி.காம். முடித்த ஜெயந்தி அதே அளத்தின் அலுவலகத்தில் கணக்கெழுதச் சேர்கிறாள். 2019இல் பழைய பேரேடு ஒன்று கையில் சிக்குகிறது. தாயின் கடன் 2003இலேயே தீர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் கூலியில் பிடித்திருக்கிறார்கள். நியாயம் கேட்கக் கிளம்பும் மகளைத் தாய் தடுக்கிறாள். எதற்குத் தடுக்கிறாள் என்று ஜெயந்திக்குப் புரியவில்லை. சந்தேகம் அங்கே விழுகிறது.

அப்புறம் வேதாரண்யத்திலிருந்து ஒரு முதியவர் வருகிறார். முத்தையா அங்குள்ள உப்பளத்தில் வேலை பார்த்து 2011இல் இறந்துவிட்டார் என்ற செய்தியையும், ஜெயந்தி பெயரில் சிறுகச் சிறுகப் பணம் போட்ட அஞ்சலகப் பாஸ்புக்கையும் கொடுக்கிறார். தண்ணீரின் உப்புச் செறிவு 25 டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு விளையும். மீட்டர் போடாமல், உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தே முத்தையா அதைச் சொல்லிவிடுவாராம். காசுக்குக் கரையை வெட்டியவன் இப்படியா வாழ்வான் என்ற கேள்வி ஜெயந்தியை விடாமல் துரத்துகிறது. தாயிடம் கேட்கிறாள். தாய் அப்போதும் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, இரவு. பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. தவசிமணியின் மகன் ராஜதுரை அம்பாரத்தைக் காக்கக் கரையில் ஆள் நிறுத்துகிறான். குடியிருப்பில் 43 குடும்பங்கள். இடுப்பளவுத் தண்ணீர். செல்லக்கனி மண்வெட்டியோடு கரை ஏறி, எல்லார் முன்பும் சொல்கிறாள்: "அன்னைக்கும் வெட்டுனது நான்தான். எம் புருசன் இல்ல." சொல்லிவிட்டு வெட்டுகிறாள். நிறுத்திய ஆட்கள் தடுக்கவில்லை. ஜெயந்தி உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கையிலிருந்த டார்ச்சைத் தாயின் காலடியில் பிடித்தபடி நிற்கிறாள். குடியிருப்பு பிழைக்கிறது. அம்பாரம் மறுபடியும் கரைகிறது.

முடிவு: ராஜதுரை போலீசில் புகார் கொடுக்கிறான். 43 குடும்பங்களும் "நாங்கள்தான் வெட்டினோம்" என்று எழுதிக் கொடுக்கின்றன. வழக்கு அப்படியே நிற்கிறது. தாய்க்கும் மகளுக்கும் வேலை போகிறது. ஜெயந்தி தனியாக வேதாரண்யம் போய், தகப்பன் மிதித்த பாத்தியைப் பார்த்துவிட்டு வருகிறாள். 2024 பிப்ரவரியில், வேறொருவர் அளத்தில் கூலிக்கு நிற்கும் தாயிடம் ஒன்றே ஒன்று கேட்கிறாள்: "போகும்போது அப்பா என்ன சொன்னாரு?" "நீ பேசாத, புள்ளையப் பாத்துக்கன்னாரு." ஜெயந்தி தாயை மன்னிக்கவில்லை. பாஸ்புக்கைத் தாயின் மடியில் வைத்துவிட்டுத் தூத்துக்குடி பஸ் ஏறுகிறாள். செல்லக்கனி அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு பாத்திக்குள் இறங்குகிறாள். நாவல் அங்கே முடிகிறது.

படித்த நண்பர்கள் இருவர் தாயையும் மகளையும் சேர்த்துவைக்கச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன். அந்தக் கடைசிப் பக்கத்தில் முத்தையா மறந்துபோனார். அதனால் கிழித்துவிட்டேன்.