சாட்சிக்கு வந்த குருகு: குறுந்தொகைக் கட்டுரைக்கான திட்டம்

அக்கா, நீங்கள் கேட்டபடி எழுதும் முன் திட்டத்தை அனுப்புகிறேன். கட்டுரை திங்கள் மாலை ஐந்து மணிக்குப் போக வேண்டும். அளவு 1500 சொற்கள்.

கேள்வி, தாளில் இருந்தபடியே: "அகப்பாடலில் இயற்கை பின்னணியா, பேச்சின் பகுதியா? தொகுப்பில் உள்ள ஐந்து பாடல்களில் குறைந்தது மூன்றை நெருங்கி வாசித்து உங்கள் வாதத்தை முன்வைக்கவும். தொகுப்புக்கு வெளியே எதையும் மேற்கோள் காட்டக் கூடாது."

ரூப்ரிக்கில் நெருங்கிய வாசிப்புக்கு 40. தெளிவான வாதத்துக்கு 20, எதிர்வாதத்தை எதிர்கொள்வதற்கு 20, மேற்கோள் துல்லியத்துக்கு 10, ஒழுங்குக்கும் மொழிக்கும் 10. நான் முதலில் போட்ட திட்டத்தில் சங்க இலக்கிய அறிமுகத்துக்கே 300 சொற்கள் ஒதுக்கியிருந்தேன். இந்தப் பட்டியலில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. அடித்துவிட்டேன்.

தொகுப்பில் இருப்பவை: குறுந்தொகை 3, 25, 28, 40, 167, ஒவ்வொன்றின் துறைக்குறிப்பு, அப்புறம் தொல்காப்பியத்தின் "முதல்கரு உரிப்பொருள் என்ற மூன்றே" நூற்பா. அவ்வளவுதான். உரை கிடையாது. அதனால் 'உள்ளுறை', 'இறைச்சி' என்ற சொற்கள் என் கட்டுரையில் வராது. கை துறுதுறுக்கிறது, ஆனால் அந்த நூற்பாக்கள் தொகுப்பில் இல்லை. 'கருப்பொருள்' இருக்கிறது, அதை வைத்தே ஓட்டலாம்.

கேள்வி "பின்னணியா, பகுதியா" என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிறது. "இரண்டும்தான்" என்று முடித்தால் வாதத்துக்கான 20 போய்விடும். பாடல்களை நாலைந்து முறை படித்ததில் எனக்குத் தட்டுப்பட்டது வேறு: பேசுகிறவருக்காகச் சொல்ல வேறு ஆள் இல்லாதபோதுதான் இயற்கை உள்ளே வருகிறது. என் வாதம் இது:

"இந்தப் பாடல்களில் இயற்கை பின்னணியாக நிற்பதில்லை. பேசுபவருக்கு மனிதச் சாட்சி இல்லாத இடத்தில் அது சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. மனிதச் சாட்சி கிடைத்ததும் உவமையாகச் சுருங்கிவிடுகிறது."

முதல் பத்தி நேரே இந்த வாதத்தில் தொடங்கும். 120 சொல் போதும்.

அடுத்து 25. கட்டுரையின் கனமே இங்கேதான், 450 சொல்வரை போகலாம். "யாரும் இல்லை தானே கள்வன்" என்று தொடங்கி, "குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே" என்று முடிகிறது. யாரும் இல்லை, குருகும் உண்டு. முதல் அடியின் 'இல்லை'க்குக் கடைசி அடியின் 'உண்டு' பதில் சொல்கிறது. இரண்டு இடத்திலும் அதே 'உம்'. ஆள் இல்லை என்று சொன்ன அதே வாய் பறவையைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் அந்தக் குருகு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? "ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்". ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனை. சாட்சியின் கண் வேறெங்கோ. அதன் காலைத் தினைத்தாளோடு ஒப்பிடும் அளவுக்குத் தலைவிதான் அதைக் கூர்ந்து பார்த்திருக்கிறாள். அது அவளைப் பார்க்கவில்லை. "தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ" என்ற பயம் நடுவில் இருப்பதால், பின்னால் வரும் பறவை ஆறுதலாகத் தொடங்கி ஆறுதல் இல்லாமல் முடிகிறது. திருமணம் தள்ளிப்போகும்போது தோழியிடம் சொன்னது என்கிறது துறைக்குறிப்பு. குருகை எடுத்துவிட்டால் பாட்டே நிற்காது. இதைவிட நல்ல சான்று தொகுப்பில் இல்லை.

28க்கு 150 சொல். "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்" என்று கத்தத் துடிப்பவளைச் சுற்றி ஊர் தூங்குகிறது. விழித்திருப்பது காற்று மட்டும், அதுவும் அவளை அலைக்கழிக்கிறது. மனிதச் சாட்சி கண்ணை மூடிக்கொண்டது, இயற்கைச் சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

40ல் நிலைமை மாறுகிறது. 250 சொல். "யாயும் ஞாயும் யாராகியரோ" தொடங்கி மூன்று அடிகளில் தலைவன் தாய், தந்தை, தங்கள் அறிமுகம் என்று மூன்று மனிதச் சாட்சிகளையும் வரிசையாகக் கூப்பிட்டு, ஒன்றும் உதவாது என்று அனுப்பிவிடுகிறான். அதன் பிறகுதான் "செம்புலப் பெயனீர் போல". பாதுகாப்புத் தேடும் பெண்ணிடம் சொல்கிறான் என்பதைத் துறைக்குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்வேன்: பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சியதைக் கண்டு பேசுகிறான். இங்கே ஒரு எச்சரிக்கை எனக்கே. மயூர் விஹாரில் முதல் மழை பெய்ததும் பால்கனித் தூசி சேறாவதைப் பார்த்து இந்தப் பாட்டை நினைத்தேன் என்று அழகாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை, டெல்லித் தூசி சான்றாகாது. ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் நாக்கு நுனியில் நிற்கிறது. தொகுப்பில் இல்லை, வேண்டாம்.

பிறகு 167, வாதத்தின் இரண்டாம் பாதிக்கு. 280 சொல். பேசுவது செவிலி, கேட்பது நற்றாய். செவிலி, மணமான தலைவியின் வீட்டுக்குப் போய்க் கண்ணால் பார்த்து வந்தவள். முளிதயிர் பிசைந்த விரலைத் துடைத்த புடவையை மாற்றாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தலைவி புளிக்குழம்பு வைத்திருக்கிறாள். கணவன் "இனிது" என்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. சாட்சி நேரில் இருப்பதால் குருகு வேண்டியதில்லை. பூக்கள் உடம்புக்குள் போய்விட்டன: "காந்தள் மெல்விரல்", "குவளை உண்கண்". நூற்பாவின் கணக்கில் சொன்னால், முதலும் கருவும் ஒதுங்கி உரிப்பொருள் மட்டும் சமையலறையில் நிற்கிறது. (காந்தள் குறிஞ்சிப் பூ ஆயிற்றே, முல்லைப் பாட்டில் எப்படி வந்தது என்ற கேள்வி இழுக்கிறது. எந்தத் திணைக்கு எந்தப் பூ என்ற பட்டியல் தொகுப்பில் இல்லை. விட்டுவிடுகிறேன்.)

எதிர்வாதத்துக்கு 3. என் வாதத்துக்கு உண்மையிலேயே தொல்லை கொடுக்கும் பாட்டு இதுதான், அதனால்தான் இதை ஒளித்துவைக்காமல் கொண்டுவருகிறேன். நிலம், வான், நீர் மூன்றும் அங்கே சாட்சி இல்லை, தலைவனோடு உள்ள நட்பை அளக்கும் வெறும் அளவுகோல். "நிலத்தினும் பெரிதே" என்றால் இயற்கை பின்னணி அளவில்தானே நிற்கிறது என்று யாராவது கேட்கலாம். என் பதில்: மூன்று அளவுகோலும் எட்டாது என்று தலைவி தூக்கிப் போட்டுவிடுகிறாள். நிற்பது "கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்" என்ற ஒரு வேலை. அந்தத் தேனை இழைப்பது யார் என்று பாட்டில் பெயரே இல்லை. தோழி அவனைக் குறை சொல்லும்போது, அவன் அருகில் மறைந்து நின்று கேட்கும்போது, அவள் தன் தரப்புக்கு அழைப்பது அந்தப் பெயரில்லாத உழைப்பைத்தான். இது முழுப் பதிலா என்று எனக்கே தெரியவில்லை. கட்டுரையிலும் "ஓரளவு" என்றே எழுதப் போகிறேன். 200 சொல்.

மீதி 50 சொல்லில் முடிவுரை. 25ன் குருகுக்குத் திரும்பி, கண் வேறெங்கோ இருக்கும் சாட்சியோடு நிறுத்துகிறேன்.

மேற்கோள்களைத் தொகுப்பின் பாடத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால" என்பதைப் போன மாதம் 'காலன்' என்று அடித்துச் சிரிப்பாகிப் போனது.

25க்கு 450 சொல் அதிகமா, அக்கா? 40லிருந்து ஐம்பதை எடுத்து 3க்குக் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். ஞாயிறு மாலை ஆர்.கே.புரம் வருகிறேன், வரைவோடு.