பொருள்: கணக்கு உதவியாளர் பதவியை ஏற்க இயலாமை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கிளிநொச்சிக் கிளையில் கணக்கு உதவியாளர் பதவிக்கு என்னைத் தெரிவுசெய்து கடந்த திங்கட்கிழமை அனுப்பிய நியமனக் கடிதத்துக்கு மனமார்ந்த நன்றி. அதே வாரத்தில், ஒட்டுசுட்டானில் உள்ள என் வீட்டிலிருந்து நாளாந்தம் போய்வரக்கூடியதாக முல்லைத்தீவுக் கூட்டுறவுச் சங்கமொன்றிலும் வேலை கிடைத்ததால், நன்கு யோசித்து அதனையே ஏற்றுக்கொண்டுள்ளேன். ஆகவே தங்கள் நியமனத்தை ஏற்க இயலாதென்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்.

சம்பளம் இதற்குக் காரணமன்று. தாங்கள் தருவதாகக் கூறியதே அதிகம். நேர்முகத் தேர்வன்று பேருந்து பிந்தியபோதும் எனக்காகக் காத்திருந்ததை மறவேன். அடுத்த நிலையில் உள்ளவருக்கு இவ்விடம் விரைவாகக் கிடைக்கவேண்டும் என்பதாலேயே, தாங்கள் குறித்த வெள்ளிக்கிழமைவரை தாமதியாமல் இன்றே எழுதுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தர்சினி