அமைதி அறை வேண்டி விண்ணப்பம்

சென்னை – 32
3.11.2025

அனுப்புநர்:
முதுநிலைக் கணக்கர், கணக்குப் பிரிவு, மூன்றாம் தளம்

பெறுநர்:
மனிதவள மேலாளர் அவர்கள்

பொருள்: மூன்றாம் தளப் பழைய பிரிண்டர் அறையைத் தொழுகைக்கும் பிரார்த்தனைக்கும் ஒதுக்கித் தருமாறு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தளத்தில் தினமும் தொழுபவர்கள் ஒன்பது பேர். அவர்களில் பெண்கள் மூன்று பேர். இப்போது மாடிப்படித் திருப்பத்தில் விரிப்பைப் போட்டுத்தான் தொழுகிறோம். போன வாரம் நான் சஜ்தாவிலிருந்து நிமிர்ந்தபோது, துப்புரவு அக்கா தண்ணீர் வாளியைக் கையில் பிடித்தபடியே இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தார். "முடிங்கம்மா, நான் நிக்கிறேன்" என்றார். அவர் வேலையை நிறுத்திவிட்டுத் தொழுவது மனதுக்கு ஒப்பவில்லை. தீ விபத்து நேர்ந்தால் எல்லோரும் இறங்க வேண்டிய வழியும் அதுதான்.

பிரிண்டர் அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளும் பழைய கோப்புப் பெட்டிகளும்தான் உள்ளன. ஒரு சனிக்கிழமை நாங்களே வந்து அவற்றைக் கிடங்குக்கு மாற்றிவிடுகிறோம். ஒரு மின்விசிறியும் உள்தாழ்ப்பாளும் இருந்தால் போதும். ஒளு செய்ய இப்போதுள்ள கைகழுவும் இடமே போதும். தரை ஈரமானால் உடனே துடைத்துவிடுவோம்.

அறை எங்களுக்கு மட்டும் வேண்டும் என்று கேட்கவில்லை. மதியம் ஜெபம் செய்யும் சகோதரிகள் இருவரிடமும், கார்த்திகையில் மாலை போடவிருக்கும் சக ஊழியரிடமும் பேசியே இந்த நேரங்களை வகுத்தோம்.

மதிய இடைவேளையில் 1.00 முதல் 1.15 வரை பெண்கள், 1.30 வரை ஆண்கள் லுஹர் தொழுவார்கள். அதன்பின் 2.00 மணி வரை ஜெபமோ தியானமோ செய்பவர்களுக்கு. மாலை 4.00 மணித் தேநீர் இடைவேளையில் அஸர்: பெண்கள் ஏழு நிமிடம், ஆண்கள் ஏழு நிமிடம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போக ஏற்கெனவே அனுமதி தந்திருக்கிறீர்கள். அன்று அந்த நேரம் மற்றவர்களுக்கு.

மஃரிபுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும். ஜூனில் சூரியன் மறைய 6.30 தாண்டிவிடும், வேலை முடிந்தபின் தொழலாம். இந்த மாதமோ 5.40க்கே மறைந்துவிடுகிறது. வீடு போய்ச் சேருவதற்குள் மஃரிப் நேரம் கடந்துவிடும். ஆகவே டிசம்பர் முடியும்வரை 5.50 முதல் 6.05க்குள், இருவர் மூவராகப் பத்து நிமிடம் போய்வர அனுமதி வேண்டுகிறோம். அந்த நேரத்தை மறுநாள் காலை முன்கூட்டி வந்து ஈடுசெய்வோம். மாலை போடுபவர் 6.10க்குச் சரணம் சொல்லிக்கொள்ளலாம்.

அறையில் படமோ ஊதுபத்தியோ ஒலிபெருக்கியோ வைப்பதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். விரிப்புகளை அவரவர் மடித்து எடுத்துப் போய்விடுவோம். சாவி வரவேற்பு மேசையில் இருக்கட்டும். வாங்குபவர் குறிப்பேட்டில் கையெழுத்திடுவார். யாருக்காவது இடைஞ்சல் என்றால் என்னிடம் சொல்லச் சொல்லுங்கள், நானே சரிசெய்கிறேன்.

வரும் வியாழக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கினால், அறையை நேரில் காட்டி விளக்குகிறேன். மூன்று மாதம் நடத்திப் பார்க்கவாவது அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதுநிலைக் கணக்கர்
(மூன்றாம் தள ஊழியர்கள் பன்னிரண்டு பேர் சார்பில்)

இணைப்பு: பன்னிரண்டு பேரின் கையொப்பத் தாள்