ஜெர்மனியில் எம்.எஸ்.: பணம் கட்டும் முன் குடும்பத்தோடு ஒரு மணி நேரம் பேசுவோம்

பி.இ. முடிக்கப்போகும் மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் வணக்கம்.

'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்ற விளம்பரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். அங்கே வாழும் செலவு உங்களுடையது. ஜெர்மனியில் படிக்க வழிகாட்டும் ஆலோசனை மையமான நாங்கள் அந்தக் கணக்கை முதல் நாளே உங்கள் முன் வைக்கிறோம்.

விசாவுக்கு முன்பே, ஒரு வருடச் செலவுக்காக, மாதாமாதம் மட்டுமே பணம் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட வேண்டும். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் உங்கள் பிள்ளைக்கே திரும்பி வரும். வாடகை, சாப்பாடு, மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும் மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மூனிக்கில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ போய்விடும். கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஊர்களில் அதில் பாதிக்குக் கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு 24 லட்சம், விமான டிக்கெட்டும் செமஸ்டர் கட்டணமும் தனி. தீசிஸ் இழுத்துக்கொண்டு இன்னொரு செமஸ்டர் ஆவது சகஜம், அதற்கும் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் வாங்கும் அரசுப் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ.

'பார்ட் டைம் பார்த்துச் சமாளித்துக்கொள்வான்' என்று எண்ணி யாரும் அனுப்ப வேண்டாம். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் ஜெர்மன் பேச வராத பையனுக்கு முதல் சில மாதங்களில் வேலை கிடைப்பது சிரமம். அதனால் எங்களிடம் வரும் எல்லோரையும் ஜெர்மன் மொழியை இரண்டாம் படியான ஏ2 வரையாவது இங்கேயே படிக்கச் சொல்கிறோம்.

மார்க் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். உங்கள் சிஜிபிஏ 7, தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளி 5 என்றால், ஜெர்மன் முறையில் அது 2.8. அங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது, பல துறைகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. அந்த எல்லையைத் தாண்ட முடியாதவர்களைத் தனியார் பல்கலைக்கழகங்கள் பக்கம் திருப்பிவிடும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அங்கிருந்து கமிஷன் வரும், அரசுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வராது. நாங்கள் கமிஷன் வாங்குவதில்லை. உங்கள் மார்க்குக்கு அரசுப் பல்கலைக்கழகம் கிடைக்க வாய்ப்பில்லை என்றால் அதை அப்படியே சொல்லிவிடுவோம்.

இனி விசா. 'நூறு சதவீதம் விசா உறுதி' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முடிவெடுப்பது ஜெர்மன் தூதரகம்; அட்மிஷன் லெட்டரும், நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழும் கையில் இருந்தும் மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் மறுத்தால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அது கிடையாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லினில் வழக்குப் போட வேண்டும். முடிவு வர மூன்று மாதம் வரை ஆகலாம் என்பதால், அக்டோபரில் தொடங்கும் வகுப்பு கை நழுவவும் வாய்ப்புண்டு.

மறுக்கப்பட்டால் எது திரும்பும்? பிளாக்டு அக்கவுண்ட் பணம் வரும், ஆனால் ரூபாயை யூரோவாக்கி மறுபடி ரூபாயாக்குவதில் கொஞ்சம் கரையும். ஏபிஎஸ் கட்டணம் 18,000 ரூபாயும் விசா கட்டணம் 75 யூரோவும் வராது. கல்விக் கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால், இதையெல்லாம் வீட்டில் எல்லோரும் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு வையுங்கள். அம்மாவிடம் சொல்லாமல் பத்திரத்தை எடுத்து வர வேண்டாம்.

எங்கள் கட்டணம் 45,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. தொடக்கத்தில் 15,000, அட்மிஷன் லெட்டர் வந்ததும் 15,000, விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு 15,000. விசா கிடைக்கவில்லை என்றால் கடைசித் தவணை கிடையாது. பல்கலைக்கழகத் தேர்வு, ஏபிஎஸ், நோக்க அறிக்கையைத் திருத்தித் தருவது, விசா ஃபைல், நேர்காணல் பயிற்சி எல்லாம் இதில் அடங்கும். நோக்க அறிக்கையை மாணவர்தான் எழுத வேண்டும், அடுத்தவர் எழுதியது நேர்காணலில் இரண்டு கேள்விக்குத் தாங்காது. போலி அனுபவச் சான்றிதழ், நாலு நாளைக்குக் கணக்கில் பணம் காட்டித் தருவது போன்ற வேலைகளை நாங்கள் செய்வதில்லை. பிடிபட்டால் கெடுவது உங்கள் பிள்ளையின் பெயர்.

திருச்சி தில்லைநகர் அலுவலகத்தில் சனிக்கிழமைதோறும் காலை 10 மணி முதல் 1 மணி வரை முதல் ஆலோசனை இலவசம். செமஸ்டர்வாரியான மார்க் ஷீட், அரியர் விவரம், வீட்டின் வருமானக் கணக்கு ஆகியவற்றோடு அப்பாவோ அம்மாவோ உடன் வர வேண்டும். பல துறைகளுக்கு ஜூலை 15 கடைசி நாள், சிலவற்றுக்கு மார்ச், மே மாதத்திலேயே முடிந்துவிடும். ஏபிஎஸ்ஸுக்கும் நாள் ஆகும் என்பதால் ஏழாவது செமஸ்டரிலேயே வந்துவிடுங்கள்.