வெளியீட்டு விருந்தில் நம் அண்ணனுக்கு ஒரு வாழ்த்துரை

நண்பர்களே, சோதனை சர்வரில் வாரக்கணக்கில் சாதுவாக ஓடிய நிரலை, வெளியீட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் "ஒரே ஒரு வரிதான்" என்று தொட்டுப் படுக்கவைக்கும் வல்லமை நம் அண்ணனைத் தவிர வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. நேற்றிரவு பணம் செலுத்தும் பக்கம் வெள்ளையாக நின்றபோது, கிட் பதிவில் அவருடைய கைவண்ணம் தெரிந்தது:

```
fix
final fix
final fix 2
Revert "final fix 2"
```

அதைச் சரிசெய்யப் போனவர் நேர மண்டலத்தையும் யுடிசிக்கு மாற்றிவிட்டதால், நள்ளிரவுக்குப் பின் வாங்கியவர்களுக்கெல்லாம் முந்தைய நாள் தேதியிட்ட ரசீது போனது. கேட்டால், "என் மெஷினில் ஓடுகிறதே" என்கிறார். அந்த மெஷினையே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடலாம் என்று மேலாளர் கூரியர் கட்டணம்கூட விசாரித்துவிட்டார். விடியும்வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்ததும் அவர்தான் (எங்கே உடைத்தோம் என்பது உடைத்தவருக்குத்தானே தெரியும்). அண்ணே, கேக்கை நீங்களே வெட்டுங்கள். லேப்டாப்பை மட்டும் இப்படிக் கொடுத்துவிடுங்கள்.