காட்டன் பெட்ஷீட், தலையணை உறை செட் (200 த்ரெட் கவுண்ட்), இலவம் பஞ்சுத் தலையணை – துவைத்த பிறகு என்ன அளவு என்பதோடு

விலை
சிங்கிள்: 1 பெட்ஷீட், 1 உறை – 790 ரூபாய்
டபுள் / குயின்: 1 பெட்ஷீட், 2 உறை – 1,390 ரூபாய்
கிங்: 1 பெட்ஷீட், 2 உறை – 1,690 ரூபாய்
இலவம் பஞ்சுத் தலையணை (17 × 27 இஞ்ச்) – ஒன்று 480 ரூபாய். தனியாகவும் வாங்கலாம்.

நிறங்கள்: சாம்பல், கடல் நீலம், வெளிர் பச்சை, மெரூன் கோடு போட்டது. வெள்ளையும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதை நாங்களே சொல்ல மாட்டோம்.

துணி

நூறு சதவீதம் பருத்தி, பாலியஸ்டர் கலப்பு கிடையாது. துணி கரூரில் நெய்தது. வெட்டி, ஓரம் மடித்துத் தைப்பது காட்பாடியில் எங்கள் கடை மாடியில். நெசவு ‘பெர்கேல்’ வகை, அதாவது ஒரு நூல் மேல், ஒரு நூல் கீழ் என்று மாறி மாறிப் போகும் சாதா நெசவு. பளபளப்பு இருக்காது, தொட்டால் கொஞ்சம் மொறமொறவென்று இருக்கும். பளபளவென்று வழுக்கும் துணிதான் பிடிக்கும் என்றால் ‘சாட்டின்’ நெசவைக் கேளுங்கள், அதுவும் வரவழைத்துத் தருகிறோம். ஆனால் ஏப்ரல், மே வேலூர் வெயிலுக்கு, மின்விசிறியை மட்டும் நம்பித் தூங்குகிற வீட்டுக்கு, எங்கள் ஓட்டு பெர்கேலுக்குத்தான். காற்று உள்ளே போய் வரும், வியர்வை உடம்போடு ஒட்டாது.

பருத்திதானா என்று சந்தேகம் இருந்தால் ஓரத்தில் தொங்கும் ஒரு நூலை உருவி, வெளியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி, நுனியில் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.

த்ரெட் கவுண்ட் 200 என்றால்?

ஒரு இஞ்ச் நீளம், ஒரு இஞ்ச் அகலம் உள்ள துண்டுத் துணியில் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று எண்ணிக் கூட்டினால் வருவதுதான் த்ரெட் கவுண்ட். எங்கள் துணியில் பாவு 110, ஊடை 90, ஆக 200. இரண்டும் 40-ஆம் நம்பர் ஒற்றை நூல். நூலின் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். மெலிந்த நூலாக இருந்தால் அதே ஒரு இஞ்சில் இன்னும் சில நூல்களை நுழைக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

“800 கவுண்ட், 1000 கவுண்ட் எல்லாம் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, உங்களுடையது வெறும் 200-ஆ?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: இரண்டு மூன்று இழைகளை முறுக்கி ஒரு நூலாக்கி, அந்த ஒரு நூலை இரண்டாக, மூன்றாக எண்ணிவிடுவார்கள். எண் பெரிதாகிறது, துணி கனமாகிறது, காற்றோட்டம் குறைகிறது. சில சமயம் அது பருத்தியே இல்லை, மைக்ரோஃபைபர். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒற்றை நூலா, என்ன நம்பர், என்ன நெசவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் 1000 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை.

துவைத்தால் சுருங்குமா?

சுருங்கும். பருத்தித் துணி சுருங்கவே சுருங்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தறியில் பாவு நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்துத்தான் நெய்வார்கள், போதாததற்குக் கஞ்சியும் ஏறியிருக்கும். முதல் தண்ணீர் பட்டதும் அந்த இழுவை விட்டுப்போய் நூல் தன் இயல்புக்குத் திரும்பும். குடியாத்தம் லுங்கி வாங்கிக் கட்டியவர்களுக்கு இது புதிதில்லை: விறைப்பாக வந்து, இரண்டு துவைப்பில் மெத்தென்று ஆகி, கூடவே கொஞ்சம் ஏறியும்விடும். இதுவும் அப்படித்தான். நீளவாக்கில் 4 சதவீதம், அகலவாக்கில் 3 சதவீதம் வரை குறையும். அதில் பெரும்பகுதி முதல் துவைப்பிலேயே போய்விடும், மூன்றாவதுக்குப் பிறகு கிட்டத்தட்ட நின்றுவிடும்.

அதனால் இரண்டு அளவையும் போட்டுவிடுகிறோம் (அகலம் × நீளம், இஞ்சில்):

சிங்கிள்: புதிது 60 × 90, துவைத்த பின் 58 × 86
டபுள் / குயின்: புதிது 90 × 108, துவைத்த பின் 87 × 103½
கிங்: புதிது 108 × 108, துவைத்த பின் 104½ × 103½
தலையணை உறை: புதிது 19 × 29, துவைத்த பின் 18¼ × 27¾

மூன்றாவது படத்தைப் பாருங்கள். ஒரே கடல் நீல ஷீட், துவைப்பதற்கு முன்னும் பின்னும் டேப் வைத்து எடுத்தது. டேப்பின் எண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். உறையை 18 × 28-ல் தைத்தால் துணி மிச்சம்தான், ஆனால் ஒரே துவைப்பில் தலையணையை உள்ளே திணிக்க இரண்டு பேர் வேண்டும்.

உங்கள் கட்டிலுக்கு எது?

கட்டிலை அளக்காதீர்கள், மெத்தையை அளங்கள். கனத்தையும் சேர்த்து. மெத்தையின் நீளம், அதோடு கனம் இரண்டு மடங்கு, அதோடு அடியில் செருக 6 இஞ்ச். இந்தக் கூட்டுத்தொகை துவைத்த பின் உள்ள அளவுக்குள் வர வேண்டும். அகலத்துக்கும் இதே கணக்கு.

உதாரணமாக 78 × 60 குயின் மெத்தை, கனம் 6 இஞ்ச். நீளத்துக்கு 78 + 12 + 6 = 96. எங்கள் டபுள் ஷீட் துவைத்த பின்னும் 103½ இருக்கிறது, தாராளம். 78 × 72 கிங் மெத்தை 8 இஞ்ச் கனம் வரை கிங் ஷீட் சரியாக இருக்கும். அதற்கு மேல் 10 இஞ்ச் ஸ்பிரிங் மெத்தை என்றால் சொல்லுங்கள், நீளம் கூட்டி வெட்டித் தருகிறோம். கூடுதலாக 150 ரூபாய்.

சிங்கிளில் ஒரு எச்சரிக்கை. 72 × 36 மெத்தை, 4 இஞ்ச் தென்னை நார் மெத்தை என்றால் சரியாக இருக்கும். 75 இஞ்ச் நீளம் என்றால் ஒரு பக்கம்தான் நன்றாகச் செருக வரும். 78 என்றால் சிங்கிள் வேண்டவே வேண்டாம். ஹாஸ்டலில் சேரும் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் கட்டில் நீளத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலையணை

உள்ளே இலவம் பஞ்சு, ஒன்றுக்கு 1 கிலோ. புதிதில் உயரமாகத் தெரியும், சில வாரங்களில் தலை பட்டு அமுங்கும். அப்போது வெயிலில் ஒரு மத்தியானம் போட்டுத் தட்டினால் மறுபடி உப்பும். தண்ணீரில் மட்டும் நனைக்காதீர்கள், பஞ்சு கட்டி கட்டியாகிவிடும். மல்லாந்து படுப்பவர்களுக்கும் கழுத்து வலி உள்ளவர்களுக்கும் இது உயரம் அதிகம் என்று தோன்றினால் 700 கிராமில் நிரப்பித் தருகிறோம், விலை 390.

துவைக்கும் முறை

முதல் தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில். மெரூன் சாயம் கொஞ்சம் விடும். சுடுதண்ணீரும் டிரையரும் வேண்டாம். மேலே சொன்ன சுருக்கக் கணக்கு அவை இல்லாமல் போட்டது. நம் பக்கத்து போர் தண்ணீர் பல தெருவில் உப்பு. சோப்பு சரியாக நுரைக்காது என்று பவுடரைக் கூட்டிப் போட்டால் அது துணியிலேயே தங்கி விறைக்கும். பவுடரைக் குறைத்து, ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். நிழலில் உலர்த்தினால் நிறம் நிற்கும்.

டெலிவரி, மாற்றிக்கொள்வது

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம்: மதியம் 12 மணிக்குள் சொன்னால் அன்றே. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து பக்கத்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் லாட்ஜ் பெயரும் அறை எண்ணும் அனுப்பினால் போதும், ரிசப்ஷனில் கொடுத்துவிடுவோம். ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர்: மறுநாள், 60 ரூபாய்.

துவைக்காத செட்டை 7 நாளுக்குள் மாற்றலாம். துவைத்த பிறகு மேலே போட்ட அளவைவிடக் குறைந்தால் டேப் வைத்து ஒரு படம் அனுப்புங்கள், துவைத்த ஷீட்டாக இருந்தாலும் மாற்றித் தருகிறோம். தலையணை மட்டும் ஒருமுறை பயன்படுத்தினால் திரும்ப எடுப்பதில்லை.